விடியும்வரை ஒரு சுடர்

இரவு இரண்டு மணி. தலைமாட்டில் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்த செல்போனில் ஒற்றை அகல் எரிந்துகொண்டிருக்கிறது. ‘ஓம் நமசிவாய’ என்று ஒரு குரல் மெதுவாக, மூச்சுவிட்டு, மறுபடியும் மெதுவாகச் சொல்கிறது. கேட்டபடி படுத்த அம்மா தூங்கி மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. திடீரென்று திரை பளீரென்று வெளுக்கிறது. செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை என்று ஒரு நகைக்கடை கத்துகிறது. அம்மா பதறி எழுந்து உட்காருகிறார். அடுத்த அறையில் பேரனும் எழுந்துவிட்டான்.

தமிழ் வீடுகளில் இது புதிய கதை அல்ல. ஒரு காலத்தில் கேசட் வைத்திருந்தோம். ஒரு பக்கம் முடிந்ததும் ‘டக்’ என்று பட்டன் எழும்பும், அதோடு அமைதி. பிறகு சுவர் பிளக்கில் செருகும் சின்ன மந்திரப் பெட்டி வந்தது. கடையின் கல்லாவுக்கு மேலே இருபத்து நான்கு மணி நேரமும் அதே வரியைச் சொல்லிக்கொண்டிருக்கும். இப்போது எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் ஓடும் வீடியோ வந்திருக்கிறது. ஒரு விளக்கு, ஒரு நாமம், வேறொன்றும் கிடையாது. பார்ப்பதற்கு உலகத்திலேயே எளிதாக எடுக்கக்கூடிய வீடியோ இதுதான் என்று தோன்றும். அப்படி நினைத்துக்கொண்டு ட்ரைபாடோடு மலையேறிய ஒருவரோடு கொல்லிமலையில் தங்கியிருந்தேன். அவர் நாமக்கல் பக்கம் கல்யாண வீடியோ எடுக்கும் நண்பர். ஐநூறு பேர் மொய்க்கும் மண்டபத்தில் தாலி கட்டும் நொடியைத் தவறவிடாத கை அவருடையது. ஒரு அகல் விளக்கு அவரைப் படாதபாடு படுத்தியது.

ஏன் கொல்லிமலை? அவர் சொன்ன காரணம் பக்தி அல்ல. “கீழ எங்க போனாலும் லாரி சத்தம்ணா. நாமக்கல்ல லாரி இல்லாத ராத்திரி ஏது?” எழுபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறிவிட்டால், ஒன்பது மணிக்கெல்லாம் ஊர் அடங்கிவிடும். பாதை திரும்பத் திரும்ப வளைவதால் இருட்டில் மேலே வரும் வண்டியும் குறைவு. அதோடு அறப்பளீஸ்வரர் இருக்கும் மலை. வீடியோவின் தலைப்பில் அந்தப் பெயர் இருந்தால் நான்கு பேர் கூடுதலாகத் தொட்டுப் பார்ப்பார்கள் என்ற கணக்கும் அவருக்கு உண்டு. அதை அவர் மறைக்கவில்லை.

ஆனால் விளக்கைக் கோயிலுக்குள் எடுக்க முடியாது. கருவறையைப் படம் பிடிப்பது எப்போதுமே கூடாது. தவிர, தமிழகக் கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது. ஆகவே செம்மேட்டுக்கு அப்பால், தங்கியிருந்த வீட்டின் உள் அறையில்தான் விளக்கு. ‘அறப்பளீஸ்வரர் சந்நிதி தீபம்’ என்று தலைப்பு வைத்தால் அது பொய். ‘கொல்லிமலையில் ஏற்றிய தீபம்’ என்று வைத்தால் உண்மை. அவர் இரண்டாவதை எடுத்துக்கொண்டார். இந்தத் துறையில் பலர் முதல் வகைத் தலைப்புக்குக் கூசுவதில்லை.

எண்ணெய் உறைந்த இரவு

முதல் சிக்கல் எண்ணெயில் வந்தது. ஊரிலிருந்து சுத்தமான தேங்காய் எண்ணெய் கொண்டுபோயிருந்தார். சுடர் வெளுப்பாக, புகை குறைவாக நிற்கும் என்பது அவர் எண்ணம். வீட்டுக்கார அம்மா பாட்டிலைப் பார்த்ததுமே சிரித்தார். “இது இங்க நெய்யாட்டம் கட்டிக்கும் கண்ணு. நல்லெண்ணெய் ஊத்து.” தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியிலேயே உறையத் தொடங்கும். மார்கழி இரவில் கொல்லிமலையில் வெப்பம் 15 டிகிரிக்கும் கீழே இறங்குவதுண்டு. சுடருக்குப் பக்கத்தில் உருகியும் அகலின் மறுமுனையில் வெள்ளையாகக் கட்டியும் கிடக்கும் எண்ணெய், திரிக்குச் சீராக ஏறாது. சுடர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகும், பிறகு ஒரு கட்டி உருகியதும் சட்டென்று உயரும். நேரில் பார்க்கும்போது அது தெரியாது. வீடியோவை வேகமாக ஓட்டிப் பார்த்தால் சுடர் மூச்சு வாங்குவது போல் ஏறி இறங்குவது தெரியும். நல்லெண்ணெய்க்கு அந்தக் குளிர் ஒரு பொருட்டே இல்லை.

அடுத்தது திரி. ஆர்வத்தில் இரண்டு திரி போட்டால் கெட்டது. அருகருகே எரியும் இரண்டு சுடர்கள் ஒன்றன் சூட்டில் மற்றொன்று சிக்கி, சேர்ந்து துடிக்க ஆரம்பிக்கும். மெழுகுவர்த்திகளைக் கட்டாகச் சேர்த்து ஏற்றினால் நொடிக்குப் பத்துமுறை அளவில் துடிப்பதைக் காணலாம். நொடிக்கு 25 படம் எடுக்கும் கேமராவில் அது நடுக்கமாகப் பதியும். இருட்டு அறையில் அந்த நடுக்கம் கண்ணை உறுத்தும், மூடிய இமைக்கு உள்ளேயும் தெரியும். மெல்லிய ஒற்றைத் திரி, விரல் கணு உயரத்துக்கு மேல் போகாத சுடர் என்றால் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். பஞ்சைத் திரிப்பதற்கு முன் அடுப்பு மேட்டில் வைத்துக் காயவிடவும் வேண்டியிருந்தது. மலையின் ஈரக்காற்றில் கிடந்த திரி, எண்ணெயில் எரியும்போது ‘பட் பட்’ என்று பொரியும். ஒரு பொரிக்கு ஒரு துளி எண்ணெய் தெறித்து லென்ஸின் கண்ணாடியில் போய் உட்காரும்.

திரி எரிய எரிய நுனியில் கரி கட்டும். கரி கட்டினால் சுடரின் தலை பிளந்து புகை வரும். நம் வீடுகளில் குச்சியால் ஒரு தட்டுத் தட்டித் தூண்டிவிடுவோம், அவ்வளவுதான் வேலை. வீடியோவில் அப்படிக் கைவைக்க முடியாது. ஆகவே ஏற்றியவுடன் எடுக்கக் கூடாது, நெடுநேரம் எரிந்த பிறகும் எடுக்கக் கூடாது. ஏற்றிப் பத்து நிமிடம் விட்டு, சுடர் நிலைப்பட்டதும், கரி கட்டுவதற்குள் கிடைக்கும் ஐந்தாறு நிமிடம்தான் நமக்குரியது. பத்து மணி நேர வீடியோ முழுவதும் அந்த ஐந்து நிமிடத்திலிருந்துதான் செய்யப்படுகிறது.

“நிஜமாவே பத்து மணி நேரம் எரிய விட்டு எடுத்தா என்ன?” என்று கேட்டேன். எடுக்கலாம், கஷ்டப்பட்டால் முடியும். ஆனால் எண்ணெய் ஊற்ற வேண்டும், திரி தூண்ட வேண்டும், பூச்சி வந்து விழும், மெமரி கார்டு நிரம்பும். ஊற்றிய ஒவ்வொரு முறையும் ஒரு கை திரையில் வரும், அல்லது ஒரு வெட்டு விழும். பார்ப்பவர் தூங்கிவிடுகிறார் என்றாலும், நடு இரவில் புரண்டு படுத்து அரைக்கண்ணால் பார்க்கும் நேரம் எது என்று யாரால் சொல்ல முடியும்?

அணையாமல் எரியும் விளக்கை நம் முன்னோர் எப்படிச் சமாளித்தார்கள் என்பது இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய சோழர் காலத்தில் ஆடுகளைக் கொடையாகக் கொடுத்தார்கள். ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்கு 96 ஆடு, நாள்தோறும் ஓர் உழக்கு நெய் என்று கணக்கு இருக்கிறது. அந்த ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் கிழட்டு ஆட்டைக் கழித்துவிட்டுக் குட்டியைச் சேர்த்து, எண்ணிக்கை குறையாமல் வைத்துக்கொண்டே போக வேண்டும். கொடையளித்தவர் போன பிறகும், பெற்றவர் போன பிறகும் அந்தச் சுற்று நிற்காது. லூப் என்று இன்று எடிட்டர் சொல்வதை அன்று மந்தையை வைத்துச் செய்திருக்கிறார்கள்.

பதினேழு நொடித் தவறு

தீயைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டு வீட்டுக்கு அனுப்பும் யோசனை நம்முடையது மட்டும் அல்ல. 1966 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில், நியூயார்க்கின் டபிள்யூ.பி.ஐ.எக்ஸ். தொலைக்காட்சி வழக்கமான நிகழ்ச்சிகளையும் விளம்பரங்களையும் நிறுத்திவிட்டு, கணப்படுப்பில் விறகு எரிவதை மட்டும் மூன்று மணி நேரம் காட்டியது. பின்னணியில் கிறிஸ்துமஸ் இசை. அடுப்பே இல்லாத அடுக்குமாடி வீட்டுக்காரர்களுக்கு ஓர் அடுப்பு தருவோம் என்பது நிலையத் தலைவர் ஃபிரெட் த்ரோவரின் எண்ணம். நகர மேயரின் இல்லத்தில் போய்ப் படம் பிடித்தார்கள். தீ நன்றாகத் தெரியட்டும் என்று அடுப்பின் முன்னிருந்த தடுப்பை எடுத்துவிட, பொறி பறந்து மேயர் வீட்டு விலையுயர்ந்த கம்பளத்தைப் பொசுக்கியது.

கம்பளம் போனது சிறிய விஷயம். பெரிய விஷயம், அந்தப் படச்சுருள் 17 நொடிதான் நீளம். பதினேழு நொடிக்கு ஒருமுறை தீ ஒரு குதி குதித்துப் பழைய நிலைக்குப் போகும். ஒருமுறை அதைக் கண்டுபிடித்துவிட்ட கண், அதன் பிறகு தீயைப் பார்ப்பதில்லை, அடுத்த குதிப்புக்காகக் காத்திருக்கிறது. நிகழ்ச்சி மக்களுக்குப் பிடித்துப் போனாலும் நிலையத்தாருக்கு அந்தக் குதிப்பு உறுத்தியது. 1970இல் புதிதாக, நல்ல படச்சுருளில், சுமார் ஆறு நிமிட நீளத்துக்கு மறுபடியும் எடுத்தார்கள். அந்த ஆறு நிமிடத் துண்டுதான் பிறகு பல ஆண்டுகள் ஓடியது.

ஐந்து, ஆறு நிமிடம் என்ற அளவு இன்றும் சரியாகவே இருக்கிறது. ஆனால் நீளம் மட்டும் போதாது, மூட்டும் தெரியக் கூடாது. ஐந்து நிமிடத்தின் முதல் படத்தில் சுடர் நிமிர்ந்தும், கடைசிப் படத்தில் இடப்பக்கம் சாய்ந்தும் இருந்தால், சுற்று முடிந்து மறுபடி தொடங்கும்போது சுடர் துள்ளும். இதற்கு எடிட்டர்களிடம் ஒரு பழைய வித்தை உண்டு. துண்டைச் சரிபாதியாக வெட்டி, பின்பாதியை முன்னாலும் முன்பாதியைப் பின்னாலும் போட்டுவிடுவது. இப்போது வீடியோவின் கடைசிப் படமும் முதல் படமும், உண்மையில் அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்கள். எத்தனை முறை சுற்றினாலும் அங்கே துள்ளல் வராது. பழைய தொடக்கமும் பழைய முடிவும் சந்திக்கும் இடம் நடுவுக்கு வந்துவிடும். அங்கே மட்டும் ஒன்றை மங்கவிட்டு இன்னொன்றைத் தெளியவிட வேண்டும்.

அந்த மங்கலிலும் ஒரு பொறி இருக்கிறது. இரண்டு சுடர்களும் ஒரே இடத்தில் இல்லாவிட்டால், மாறும் அந்த ஒரு நொடிக்கு அகலில் இரட்டைச் சுடர் ஆவி போலத் தெரியும். நண்பர் மடிக்கணினியில் படம் படமாக நகர்த்தி, தொடக்கத்திலும் முடிவிலும் சுடர் ஊசி போல் நேராக நிற்கும் இடங்களைத் தேடினார். கிடைத்ததும் நீண்ட மங்கலைத் தூக்கிவிட்டு அரை நொடி மட்டும் வைத்தார். நான் பலமுறை பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை.

சிலர் சுலப வழியாக, துண்டை முன்னோக்கி ஓட்டி, பிறகு பின்னோக்கி ஓட்டி இணைப்பார்கள். சுடர் மட்டும் என்றால் யாரும் கவனிக்க மாட்டார்கள். பக்கத்தில் ஒரு ஊதுபத்தி இருந்தால் முடிந்தது கதை. மேலே போன புகை சுருள் சுருளாக இறங்கி வந்து ஊதுபத்திக்குள் நுழையும். அப்படி ஒரு வீடியோவை நானே பார்த்திருக்கிறேன். தூக்கம் வருவதற்குப் பதில் சிரிப்பு வந்தது.

கேமரா அமைப்பில் அவர் எடுத்துக்கொண்ட முடிவுகள் எல்லாம் ஒரே நோக்கத்துக்கானவை: கேமரா தானாக எதையும் யோசிக்கக் கூடாது. வெளிச்சம், வண்ணம், ஃபோகஸ் மூன்றையும் கையால் பூட்டிவிட வேண்டும். தானியங்கியில் விட்டால், சுடர் இம்மியளவு பெரிதாகும்போது கேமரா படத்தை இருட்டாக்கும், சிறிதாகும்போது வெளுப்பாக்கும். சுவரே உப்பி அடங்குவது போல் இருக்கும். அறையில் வேறு விளக்கு எரியக் கூடாது. நம் மின்சாரத்தில் பல்புகள் நொடிக்கு நூறு முறை மினுக்குவதால், கேமராவின் வேகத்தோடு அது ஒத்துப்போகாவிட்டால் திரையில் பட்டை பட்டையாக ஓடும்.

கடைசியில் மிஞ்சியது வளையம். சுடரைச் சுற்றி வெளிச்சம் மெல்ல மெல்ல இருட்டில் கரைவதுதான் அழகு. இணையத்தில் ஏற்றும்போது கோப்பைச் சுருக்குவார்கள். சுருக்கும் நிரலுக்கு இருட்டில் கரையும் வெளிச்சம் புரியாது. ஏழெட்டு வட்டங்களாகப் பிரித்துவிடும். குளத்தில் கல் போட்டது போல் சுடரைச் சுற்றி அசிங்கமாக வளையங்கள். இதற்கு மருந்து விசித்திரமானது. படத்தின் மீது கண்ணுக்கு எட்டாத அளவு மணல் போன்ற இரைச்சலைத் தூவ வேண்டும். அல்லது சுடருக்குப் பின்னால் வழவழப்பான சுவருக்குப் பதிலாக முரட்டுக் கல்லை வைக்க வேண்டும். கல்லின் சொரசொரப்பில் வளையம் ஒளிந்துகொள்ளும். வீட்டுக்கார அம்மாவின் பழைய அம்மிக்கல் சுவரோரம் நிமிர்ந்தது இப்படித்தான்.

தூங்காத காது

படத்துக்கு இவ்வளவு பாடு. ஆனால் பார்ப்பவர் பத்து நிமிடத்தில் கண்ணை மூடிவிடுகிறார். மீதி ஒன்பதே முக்கால் மணி நேரத்துக்கும் மேலாக வேலை செய்வது காதுதான்.

தூங்குகிறவருடைய காது முழுதாகத் தூங்குவதில்லை. 1960இல் இயன் ஆஸ்வால்டும் அவருடைய சகாக்களும் தூங்குகிறவர்களுக்குப் பெயர்களின் பட்டியலை ஒலிபரப்பிச் சோதித்தார்கள். மற்ற பெயர்களைவிடத் தம் சொந்தப் பெயர் வந்தபோது தூங்கியவர்கள் கூடுதலாக எதிர்வினை காட்டினார்கள். அதாவது, உறக்கத்திலும் மூளை சத்தங்களைத் தரம் பிரித்துக்கொண்டிருக்கிறது. புதியது வந்ததா, எனக்கானது வந்ததா என்று பார்க்கிறது. கதை சொல்லும் பாடல், ஊர்ப்பெயர் அடுக்கும் பதிகம், சரணத்துக்குச் சரணம் மாறும் மெட்டு எல்லாம் அழகுதான். ஆனால் அவை விழித்திருப்பவருக்கானவை. ஐந்து எழுத்தும் ஓர் ஓங்காரமும் திரும்பத் திரும்ப வந்தால், மூளைக்குத் தரம் பிரிக்க ஒன்றும் இருக்காது.

வீடியோவுக்காக மந்திரம் சொன்னவர் ராசிபுரம் பக்கத்து ஓர் ஓதுவார். மேடையில் கணீரென்று பாடுபவர். “சத்தமா பாட மூணு வருஷத்துல கத்துக்கலாம். சத்தமில்லாம பாட இன்னும் கத்துக்கிட்டிருக்கேன்” என்றார். ஒரு முறை சொல்ல, மூச்சு விட, சேர்த்துப் பத்து நொடி. நிமிடத்துக்கு ஆறு முறை. இந்த வேகத்தை அவர் தம் பழக்கத்திலிருந்து எடுத்தார். 2001இல் இத்தாலியின் லூசியானோ பெர்னார்டி குழு, ஜெபமாலை சொல்பவர்களையும் யோக மந்திரம் சொல்பவர்களையும் ஆராய்ந்து, இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு இறங்கி இதயத்துடிப்பின் ஏற்ற இறக்கம் அதோடு இசைவதைப் பதிவு செய்திருக்கிறது. இதை வைத்துச் சில வீடியோக்காரர்கள் ‘அறிவியலே நிரூபித்தது’ என்று விளம்பரம் செய்வார்கள். அந்த ஆய்வு வாய்விட்டுச் சொன்னவர்களைப் பற்றியது, படுத்துக்கொண்டு கேட்டவர்களைப் பற்றியது அல்ல.

அறையின் சுவர்களில் ஜமக்காளமும் கம்பளியும் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். சிக்கல் எங்கே வந்தது தெரியுமா? ‘சி’யில். மைக்குக்கு நெருக்கமாக மெல்லிய குரலில் சொல்லும்போது அந்த ஓர் எழுத்து பாம்பு சீறுவது போல் பதிந்தது. பகலில் ஸ்பீக்கரில் கேட்டால் தெரியவில்லை. இரவில் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தால் பத்து நொடிக்கு ஒரு சீறல். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் சற்று விலக்கிச் சாய்த்து வைத்ததும் பாதி போயிற்று. மீதியை எடிட்டிங்கில் அந்தக் கீச்சு அலைவரிசையை மட்டும் தணித்துச் சரிசெய்தார்கள். மூச்சு வாங்கும் ஓசையை முழுக்க வெட்டிவிடலாமா என்று கேட்டதற்கு நண்பர் தலையாட்டவில்லை. வெட்டிவிட்டால் மனிதர் சொல்வது போல் இருக்காது. தணித்து வைத்துக்கொண்டார்.

பதிமூன்று நிமிடம் சொல்லி முடித்தார் ஓதுவார். மொத்தம் 78 முறை. அதைச் சுற்றவிட்டபோது, மூட்டில் குரல் திடுமென்று உயர்ந்தது போல் கேட்டது. வெட்டு சுத்தமாகத்தான் இருந்தது. பிறகு புரிந்தது: பதிமூன்று நிமிடத்தில் குரல் களைத்து, சுருதி இம்மி இம்மியாக இறங்கியிருந்தது. இறங்கியது யாருக்கும் தெரியவில்லை, கடைசியிலிருந்து முதலுக்குத் தாவும்போது மட்டும் பளிச்சென்று தெரிந்தது. மறுநாள் காதில் ஹெட்போன் வைத்துச் சுருதிப் பெட்டியைக் கேட்டுக்கொண்டே மறுபடியும் சொன்னார். சுருதி நின்றது.

இன்னொரு தொல்லை ஆந்தை வடிவில் வந்தது. மலையின் இரவு ஓசை பின்னணியில் இருக்கட்டும் என்று வாசலில் தனியாக ஒரு மைக் வைத்துப் பதினோரு நிமிடம் பதிவு செய்திருந்தார்கள். சுவர்க்கோழியின் இரைச்சல், தூரத்தில் ஓடையின் சலசலப்பு. அவற்றின் நடுவே ஒரே ஒரு முறை ஆந்தை. கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது! ஆனால் பதினோரு நிமிடத்துக்கு ஒருமுறை அதே ஆந்தை, அதே இடத்தில், அதே தொனியில் அலறினால், தூக்கம் வராதவர் ஆந்தைக்காகக் காத்திருக்க ஆரம்பிப்பார். பதினேழு நொடித் தீக்கு நேர்ந்ததுதான் இதற்கும். ஆந்தையை வெட்டினார்கள். எனக்குத்தான் மனசு வரவில்லை.

ஆந்தை போனாலும் திரும்பத் திரும்ப வருவது வரத்தானே செய்யும்? இங்கே ஒரு சின்னக் கணக்கு உதவியது. மந்திரம் 13 நிமிடம், பின்னணித் தம்புரா 7 நிமிடம், இரவு ஓசை 11 நிமிடம். மூன்றையும் ஒரே நீளத்துக்கு வெட்டாமல், தனித்தனியாகச் சுற்ற விட்டார். மூன்றும் ஒன்றாகத் தொடங்கிய அதே நிலைக்கு வர 13, 7, 11 மூன்றையும் பெருக்கினால் வரும் 1,001 நிமிடம் ஆகும். அதாவது 16 மணி 41 நிமிடம். பத்து மணி நேர இரவில் ஒருமுறைகூட அதே கலவை திரும்பாது. பிரிட்டிஷ் இசைக்கலைஞர் பிரையன் ஈனோ, விமான நிலையங்களுக்காக என்று 1978இல் வெளியிட்ட இசைத்தொகுப்பில், நீளம் ஒத்துவராத நாடாச் சுற்றுகளை இப்படித்தான் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடவிட்டார்.

இதற்கிடையில் கோப்பு நீளம் ஒரு நாள் வேலையைத் தின்றது. பத்து மணி நேர ஒலியை வழக்கமான ‘வேவ்’ கோப்பாக எழுதச் சொன்னால், கணினி ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேலே போனதும் நின்றுவிட்டது. அந்த வகைக் கோப்பு 4 ஜிபிக்கு மேல் வளராது. வேறு வடிவத்தில் எழுதிய பிறகுதான் விடியல் வரை போனது. எம்பி3 துண்டுகளை ஒட்டிப் பார்க்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அந்த வடிவம் ஒவ்வொரு துண்டின் தலையிலும் நூலிழை அளவு மௌனத்தைச் சேர்த்துவிடும். தம்புராவில் அந்த நூலிழை ‘டிக்’ என்று கேட்கும்.

நகைக்கடைக்கு யார் பொறுப்பு?

இவ்வளவு செய்தும் இரண்டு மணிக்கு நகைக்கடை வந்தால் என்ன பயன்? விளம்பரம் வருவது ஒரு குற்றம், அது கத்துவது இன்னொரு குற்றம். இரண்டாவதில் வீடியோ எடுத்தவருக்கும் பங்கு இருக்கிறது என்பது எனக்குப் புதிய செய்தி.

தூக்க வீடியோ என்பதால் ஒலியை மிகவும் தணித்துப் பதிவேற்றுவார்கள். யூடியூப் சத்தமான வீடியோவைத் தன் அளவுக்கு இறக்கும், மெல்லிய வீடியோவை ஏற்றாது. கேட்பவர் என்ன செய்வார்? காதில் விழவில்லை என்று போனின் ஒலியைக் கூட்டிவைப்பார். விளம்பரமோ முழு உச்சத்தில் வரும். வீடியோ விளம்பரத்தைவிடப் பத்து டெசிபல் மெலிதாக இருந்தால், விளம்பரம் காதுக்கு இரட்டிப்புச் சத்தமாகக் கேட்கும். ஆகவே, மெல்லிய குரலைப் பதிவில் மெலிதாக விடாமல் வழக்கமான அளவுக்குக் கொண்டுவந்து, குறைக்கும் வேலையைக் கேட்பவர் கைக்கு விட்டுவிட வேண்டும். மெதுவாகச் சொல்வது வேறு, மெலிதாகப் பதிவது வேறு.

எட்டு நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோவின் நடுவே விளம்பரம் போடலாம், வேண்டாம் என்று பதிவேற்றுபவர் அணைத்தும் வைக்கலாம். அணைத்தால் வருமானம் போகும். பல சானல்கள் அணைப்பதில்லை. பத்து மணி நேரத்தில் எத்தனை விளம்பரம் செருகலாம் என்று நினைத்துப் பாருங்கள். தூங்குகிறவர் எதையும் தாண்டிப் போகவும் மாட்டார். நண்பர் நடுவிளம்பரத்தை அணைத்துவிட்டு, தொடக்கத்தில் வருவதோடு நிறுத்திக்கொண்டார்.

நடுவிளம்பரத்தை அணைத்தாலும் விளம்பரம் வர இன்னொரு வழி உண்டு. பிரபலமான பக்திக் கேசட்டிலிருந்து ஒலியை எடுத்துப் போட்டிருந்தால், மந்திரம் யாருக்கும் சொந்தமில்லை என்றாலும் அந்தப் பதிவு ஒரு நிறுவனத்துக்குச் சொந்தம். யூடியூபின் தானியங்கி ஒப்பீடு அதைக் கண்டுபிடித்து உரிமையாளரிடம் சொல்லிவிடும். அதன் பிறகு உங்கள் வீடியோவில் விளம்பரம் போடுவது அவர்கள் இஷ்டம். ஓதுவாரை உட்காரவைத்துப் புதிதாகச் சொல்லவைத்தது கலைக்காக மட்டும் அல்ல.

படுத்துக்கொண்டே பஞ்சாட்சரம் கேட்கலாமா, காலை நீட்டிய திசையில் போன் இருக்கலாமா என்று சிலருக்குத் தயக்கம். வீட்டுக்கார அம்மாவும் கேட்டார். ஓதுவார் அதற்கு அர்த்தசாமத்தைக் காட்டினார். மதுரை போன்ற கோயில்களில் இரவுப் பூசை முடிந்ததும் சுவாமியின் பாதுகையைப் பல்லக்கில் எடுத்துப்போய்ப் பள்ளியறையில் சேர்ப்பார்கள். பாலும் பாட்டும் தீபமும் உண்டு. “சாமியே பாட்டு கேட்டுத்தானே தூங்குது. நீங்க ஏம்மா யோசிக்கிறீங்க?”

திரை வெளிச்சம் பற்றி நண்பருக்கு முன்பே ஒரு முடிவு இருந்தது. விடிய விடிய ஒரே இடத்தில் ஒரே சுடர் எரிந்தால், சில வகைத் திரைகளில் அந்த இடத்தில் தழும்பு விழும். கண்ணுக்கும் இருட்டுதான் நல்லது. அதனால் முதல் அரை மணி நேரம் சுடர் முழு அளவில், அடுத்த அரை மணியில் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் மங்கி, அதன் பிறகு ஒரு பொட்டு அளவு மட்டும். அந்தப் பொட்டும் திரையில் மெல்ல இடம் மாறிக்கொண்டே இருக்கும். நடுவில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறவருக்கு அது போதும்.

முடித்த கோப்பு 36 ஜிபி வந்தது. மலையில் கிடைத்த சிக்னலில் அதை ஏற்றினால் ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும் என்று திரை சொன்னது. மூட்டை கட்டிக்கொண்டு எழுபது வளைவும் இறங்கினோம்.

யூடியூப் பன்னிரண்டு மணி நேரம் வரை ஏற்ற அனுமதிக்கிறது, பின் ஏன் பத்தோடு நிறுத்தினீர்கள் என்று வழியில் கேட்டேன். “எட்டு மணி நேரம்னா காலைல அஞ்சு மணிக்கு முடிஞ்சிரும்ணா. முடிஞ்சவுடனே யூடியூப்பே அடுத்த வீடியோவ எடுத்து ஓட்டும். அது உறுமி மேளமா இருந்தாலும் இருக்கும்.” பத்து மணி நேரம் என்றால் எப்படியும் ஆள் எழுந்திருப்பார். கடைசி இருபது நிமிடத்தில் ஒலி கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்து, கடைசி ஐந்து நிமிடம் வெறும் மௌனம். அடுத்த வீடியோ தானாக ஓடும் வசதியை நிறுத்தும் பொத்தான் பார்ப்பவரிடம்தான் இருக்கிறது, எடுத்தவரிடம் இல்லை. அதை அணைத்துவிட்டுப் படுங்கள் என்று வீடியோவுக்குக் கீழே முதல் வரியாகத் தமிழில் எழுதி வைத்திருக்கிறார்.